இடப்பக்கப் புருவம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து, வருஷக் கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டேன். ஒவ்வொரு சிவராத்திரிக்கும் கோயிலில் உட்கார்ந்து கண்விழிக்கும்போது, விடிந்ததும் எழுதிவிடுவது என்று முடிவு செய்வேன். விடிந்தால் வீட்டு வேலை வந்துவிடும். உண்மையில் வேலை ஒரு சாக்குதான். இது இன்னொரு பெண்ணின் துக்கம். அதை எடுத்து எழுத எனக்கு என்ன உரிமை என்ற கேள்விதான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. போன மாதம் அந்தப் பெண்ணே எழுதச் சொல்லிவிட்டாள். "பேரு போடாம எழுதுங்கக்கா. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. காரைக்காலில் கடைத்தெருவை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. கேமராவை எடுத்துக்கொண்டு கல்யாணம், காதுகுத்து என்று ஓடுவது என் வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது நான். பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணி மாற்றுவது, பழைய படத்தில் பூஞ்சை படிந்த இடத்தைச் சரிசெய்வது, பிளக்ஸ் பேனர் போடுவது எல்லாம் என் கை. காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றாமல் அந்தக் கம்ப்யூட்டரின் சுவிட்சைத் தொடமாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

அவள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். கோட்டுச்சேரிமேட்டுக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள் இருப்பாள். அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கூடப் போனவர்களில் இரண்டு பேரைக் கரை சேர்த்தார்கள். அவர் மட்டும் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காததால் அவள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. சுவரில் மாலை போட்ட படமும் மாட்டவில்லை. அதை மாட்டினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்பாள். நான் அவரை ஒருநாளும் பார்த்தது கிடையாது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

ஒருநாள் மத்தியானம் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு மகளோடு ஸ்டுடியோவுக்குள் வந்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண் நர்சிங் படித்தவள். நன்றாகப் பேசுவாள்.

"ஆன்ட்டி, இப்பல்லாம் இறந்துபோனவங்களப் பக்கத்துல நிக்கிற மாதிரி போட்டோ எடுத்துத் தர்றாங்களாமே. அப்பா பட்டு வேட்டி கட்டிக்கிட்டு என் பக்கத்துல நிக்கணும். மண்டபத்து வாசல்ல பெருசா வைக்கணும்."

"இறந்துபோனவங்கன்னு சொல்லாத" என்றாள் அம்மா.

"சரி, சொல்லல."

மகள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் அவள் என் பக்கம் குனிந்தாள். மீன் வாசனையும் மல்லிப்பூ வாசனையும் சேர்ந்து வந்தது.

"அவளுக்குக் கல்யாணத்துக்கு வேணும். எனக்கு அதில்லக்கா. அவரு மொகம் எனக்கு மறந்துட்டு வருது. மொதல்லல்லாம் கண்ண மூடுனா நேரா வந்து நிப்பாரு. இப்ப கொஞ்சம் கொஞ்சமா கலங்குது. நீங்க ஒரு படம் சரியா பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா அதப் பாத்துப் புடிச்சுக்குவேன். பயமா இருக்குக்கா."

நான் சரியென்றேன். பயப்படாதே, ஈஸ்வரன் இருக்கான் என்றேன்.

அவர்கள் கொண்டுவந்தது ஐந்தே ஐந்து படம். மூன்று படம் ஒரே நாளில் படகின் மேல் எடுத்தது. தலையில் சிவப்புத் துண்டு, வெயிலுக்குச் சுருக்கிய கண். ஒன்று மீனவர் அடையாள அட்டையில் இருந்தது. இன்னொன்று மகளின் காதுகுத்தில் எடுத்தது, கூட்டத்துக்கு நடுவில் திரும்பிப் பார்க்கும் முகம். ஒன்றிலும் அவர் சிரிக்கவில்லை.

கணினிக்கு ஒரு முகத்தைக் கற்றுக்கொடுப்பதை நான் கும்பகோணத்தில் ஆல்பம் டிசைன் செய்யும் ஒருவரிடம் போனில் கேட்டுக் கேட்டுத்தான் பழகியிருந்தேன். மணப்பெண்ணின் முகத்தைக் கற்றுக்கொடுத்து, அவளை அரண்மனையில் நிற்க வைப்பது, மேகத்தில் நடக்க வைப்பது, இதெல்லாம் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். கணினிக்குள் ஏற்கெனவே மனித முகம் என்றால் என்ன என்று தெரிந்த ஒரு மாடல் இருக்கும். நாம் கொடுக்கிற படத்தின் மேல் அது மணலை இறைத்த மாதிரி புள்ளிகளைத் தூவிவிட்டு, தூவியது எது, அடியில் இருந்த முகம் எது என்று ஊகிக்கப் பார்க்கும். ஊகம் தப்பினால் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். அப்படி ஒரு முறை திருத்துவது ஒரு ஸ்டெப். ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் திருத்திக்கொள்ளலாம் என்று நாம் வைக்கிற அளவுக்கு லேர்னிங் ரேட் என்று பெயர். ரேட் என்பது அடுப்பில் எவ்வளவு தீ, ஸ்டெப் எண்ணிக்கை என்பது எவ்வளவு நேரம். நான் அப்படித்தான் மனசில் வைத்துக்கொண்டேன்.

கும்பகோணத்துக்காரர் மணப்பெண்களுக்கு வைக்கிற அதே அளவுகளை அப்படியே வைத்து ஓடவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் செய்வோம். ஒருத்தருக்குச் சரியாக வந்த செட்டிங் கைக்குக் கை போகும். அவர் வைத்திருப்பது அறுபது எழுபது படத்துக்கான கணக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. அத்தனை படத்துக்குப் பிரித்துப் போடுகிற ஸ்டெப்பை ஐந்து படத்தின் மேல் போட்டால், அந்த ஐந்தையே அது திரும்பத் திரும்ப, மனப்பாடம் ஆகிற வரைக்கும் பார்க்கும்.

அம்மாவும் மகளும் வந்து என் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். ஓடும்போது நடுநடுவே மாடலைச் சேமித்து வைக்கச் சொல்லியிருந்தேன். கடைசியாகச் சேமித்ததைத் திறந்து, "பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, உறவினர்களோடு, கல்யாண மண்டபத்தில்" என்று கேட்டேன்.

வந்த படத்தைப் பார்த்து மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டபம் இல்லை. வேட்டி இல்லை. படகுதான் இருந்தது, தலையில் அதே சிவப்புத் துண்டு. தோல் பிளாஸ்டிக் மாதிரி பளபளவென்று கருகிக் கிடந்தது. பற்கள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. பின்னால் உறவினர்கள் என்று ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். எல்லோருக்கும் அவர் முகம். ஒரு சின்னப் பையனுக்குக்கூட அவர் முகம். மற்ற மனுஷர்கள் எப்படி இருப்பார்கள் என்பதையே அந்த மாடல் மறந்துபோயிருந்தது.

"ஈஸ்வரா" என்று படத்தை மூடிவிட்டேன்.

அம்மா மட்டும் அசையவில்லை. "மூடாதீங்க, தெறங்க" என்றாள். திறந்தேன். விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இது என்னக்கா? புருவத்துல வெட்டு இந்தப் பக்கம் வந்துருக்கு? அவருக்கு எடப்பக்கம்ல. கம்பி ரோப்பு அறுந்து அடிச்சது. நான்தான மஞ்சத்தூள் வச்சு அமுக்குனேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் செட்டிங்கில் படங்களைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் திருப்பியும் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கும். படம் குறைவாக இருக்கும்போது எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்கு. கும்பகோணத்துக்காரர் அதை டிக் அடித்து வைத்திருந்தார். நான் கவனிக்கவில்லை. அறுபது படம் உள்ள மணப்பெண்ணுக்கு மச்சம் இடம் மாறினாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. இவள் ஒரு பார்வையில் பிடித்துவிட்டாள். அந்தக் கருகிய முகத்தில், அத்தனை கோரத்துக்கு நடுவில், அவள் கண் நேராகப் புருவத்துக்குப் போனது.

அவர்கள் போனதும் கும்பகோணத்துக்காரருக்குப் போன் போட்டேன்.

"அஞ்சு படத்துக்கா அந்தக் கணக்க வச்சீங்க? வெளங்கிரும்" என்று சிரித்தார். "ஏங்க, ஒரு படி அரிசிக்கு ஊத்துற தண்ணிய ஒரு கைப்பிடிக்கு ஊத்துனா கஞ்சிதான?"

"சிரிக்காதீங்க. என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

"சரி, சரி. லேர்னிங் ரேட்டப் பத்துல ஒரு பங்காக் கொறைங்க. ஸ்டெப்ப வெட்டுங்க. அடிக்கடி சேவ் பண்ணுங்க. திருப்பிக் காட்டுற கட்டத்த எடுத்துடுங்க. ஒவ்வொரு படத்துலயும் என்ன இருக்குன்னு எழுதுவீங்கள்ல, அதுல சிவப்புத் துண்டு, படகு, வெயில்னு வெவரமா எழுதுங்க. எழுதாம விட்டீங்கன்னா துண்டும் சேந்து அவரு மொகம்னு நெனச்சுக்கும்."

"எங்க நிறுத்துறது? ஓடும்போது திரையில ஒரு கோடு ஏறி ஏறி எறங்குதே, அதப் பாத்தா தெரியாதா?"

"அது ஒண்ணும் சொல்லாதுங்க. அது தப்பு எவ்வளவுன்னு காட்டுற கோடு. தப்பு கொறையுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தா மனப்பாடம் ஆயிடும். கண்ணாலதான் பாக்கணும். அவரத் தெரிஞ்ச ஆளு பாக்கணும்."

அவரைத் தெரிந்த ஆள் என்றால் அவள்தான். மகளுக்கு அப்பா கடலில் போனபோது பன்னிரண்டு வயசு.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் அவர் சொன்னபடி செய்தேன். மெதுவாக ஓடியது. நடுநடுவே ஒரே கேள்வியை, ஒரே மாதிரி வைத்து, ஒவ்வொரு சேமிப்பிலிருந்தும் ஒரு படம் எடுத்தேன். அப்போதுதான் வித்தியாசம் தெரியும். தீபாவளிக்கு அதிரசப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

முதல் சேமிப்புகளில் யாரோ ஒருவர் வந்தார். நல்ல நிறம், சினிமாக்காரர் மாதிரி தாடை. பட்டு வேட்டி அழகாகக் கட்டியிருந்தார், மண்டபம் அழகாக இருந்தது. மாடல் சொன்னதெல்லாம் கேட்டது, அவர் முகம் மட்டும் இல்லை.

"அப்பா சின்ன வயசுல இப்படி இருந்திருப்பாரோ?" என்றாள் மகள் ஆசையாக.

"ஒங்கப்பனா?" என்றாள் அம்மா. "இவன் மீனத் தொட்டிருக்க மாட்டான். கையப் பாரு." மூன்று பேரும் சிரித்தோம். அந்த ஸ்டூலில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசிச் சேமிப்புகளில் அவர் இருந்தார், ஆனால் படகைவிட்டு இறங்கமாட்டேன் என்றார். வேட்டி கேட்டால் வேட்டிக்கு மேல் சிவப்புத் துண்டு வந்தது. மண்டபத்துக்குள் வெயில் அடித்தது. கண் சுருங்கியே இருந்தது.

நடுவில் இரண்டே இரண்டு சேமிப்புதான் பதமாக இருந்தன. அதில் ஒன்றைத் திறந்தேன். தலையில் துண்டு இல்லை. வேட்டி இருந்தது. கண் திறந்திருந்தது. வெட்டு இடப்பக்கம்.

அவள் எழுந்து வந்து திரையில் அந்தக் கன்னத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மகளும் அழுதாள். கூடையில் மீதி இருந்த மீனைப் பூனை இழுத்துக்கொண்டு போனதை யாரும் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டு என் காதில் சொன்னார். "இந்தா, இதோட நிறுத்து. இத பிரிண்ட் போட்டுக் குடுத்து அனுப்பு."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "ஆன்ட்டி, அப்பா சிரிக்கிற மாதிரி வைக்க முடியாதா? எங்கல்யாணத்துல இப்படி உம்முன்னா நிப்பாரு?"

அம்மாவும் என்னைப் பார்த்தாள். "அவரு சிரிச்சா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுச் சிரிப்பாருக்கா. அதான் எனக்கு மொதல்ல மறந்தது. அது வருமா?"

வராது என்பது எனக்குத் தெரியும். ஐந்து படத்திலும் இல்லாத சிரிப்பை மாடல் எங்கிருந்து எடுக்கும்? வேறு யார் யாரோ சிரித்ததிலிருந்து ஒரு சிரிப்பை எடுத்து இந்த முகத்தில் ஒட்டும். அதையும் சொன்னேன். "வராதும்மா. வந்தாலும் அவரோடதா இருக்காது." ஆனால் அழுத முகத்தோடு இரண்டு பேர் கேட்கும்போது, முயற்சி செய்து பார்க்கலாம் என்ற வார்த்தை தானாக வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு அவள் மீன் விற்று முடித்ததும் தினமும் வர ஆரம்பித்தாள். கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு ஸ்டூலில் உட்காருவாள். நான் ஒரு படம் எடுப்பேன்.

"இல்லக்கா. வாய் பெருசா இருக்கு."

இன்னொன்று.

"இது அவரு தம்பி மாதிரி இருக்கு."

இன்னொன்று.

"இந்தக் கண்ணு பரவால்ல. இத வச்சுக்கிட்டு, போனதுல இருந்த வாய வைங்க."

ரேட்டைக் கொஞ்சம் ஏற்றினால் என்ன, நூறு ஸ்டெப் கூட ஓட்டினால் என்ன என்று நானும் விடாமல் ஓட்டினேன். "இன்னுங் கொஞ்சம் ஓட்டுங்கக்கா, வந்துருவாரு" என்பாள். படகு கரைக்கு வருவதைப் பற்றிப் பேசுகிற மாதிரியே சொல்வாள். சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டு, வேறு யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்று ஒருநாள் சொன்னேன். கேட்கவில்லை. "அவங்களுக்கு என்ன தெரியும்? கூடப் படுத்து எந்திரிச்சது நானு" என்றாள்.

கொஞ்ச நாளில் அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முதலில் ஒரு பார்வையில் "இல்லை" என்பாள். பிறகு யோசித்துவிட்டு "இல்லையோ" என்றாள். பிறகு "முன்னாடி எடுத்தத இன்னொரு தடவ காட்டுங்க, அதோட சேத்துப் பாக்கணும்" என்றாள். அவள் படத்தை அவரோடு ஒப்பிடவில்லை, படத்தைப் படத்தோடு ஒப்பிட்டாள். இது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம். அன்றைக்கு மகளும் கூட வந்திருந்தாள். பேனர் பிரிண்டுக்குப் போயாக வேண்டும். எதை வைப்பது என்று முடிவு செய்ய, இதுவரை எடுத்ததை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் ஓடவிட்டேன். போல்டர் மாறி, முதல் முறை ஓட்டியதன் ஆரம்பச் சேமிப்பிலிருந்து நான் தனியாக எடுத்துப் பார்த்துவைத்த ஒரு படமும் நடுவில் வந்தது. தீ ஏறிக் கருகுவதற்கு முன்னால் எடுத்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"நிறுத்துங்க!" என்றாள். "இதான்க்கா. இதான் அவரு. அச்சு அசல். இத்தன நாளா இத ஏன் காட்டல?"

நான் பார்த்தேன். வெட்டு வலப்பக்கப் புருவத்தில் இருந்தது.

 சொல்லலாமா வேண்டாமா என்று மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாமல் விட்டுவிடு, அவளுக்கு நிம்மதி வந்துவிட்டதே என்று ஒரு மனசு சொன்னது. அதற்குள் மகள் சொல்லிவிட்டாள்.

"அம்மா, அப்பாவுக்கு வெட்டு எடப்பக்கம்ல?"

"எடப்பக்கமா?"

அவள் கை மேலே போனது. தன்னுடைய இடப்பக்கப் புருவத்தைத் தொட்டாள். பிறகு வலப்பக்கத்தைத் தொட்டாள். எதிரில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி காற்றில் கையை நீட்டி, மஞ்சள்தூளை அமுக்குகிற மாதிரி கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். கை நடுவில் நின்றது. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது.

"தெரியலியே" என்றாள். "எனக்குத் தெரியலியேடி."

நான் அவசரமாக அன்றைக்கு அவள் திரையில் கைவைத்து அழுத படத்தைத் திறந்தேன். நல்ல நடுச் சேமிப்பு. "இதப் பாரும்மா, இதுதான். இதப் பாத்துத்தான் அழுத."

வெகுநேரம் பார்த்தாள். "இதுவும் ஒரு படந்தான்க்கா" என்றாள். "கண்ண மூடுனா எல்லாமா வருது. வாய் மாறி மாறி வருது. அன்னைக்கு வந்துச்சே, பின்னாடி நின்ன அத்தன பேருக்கும் அவரு மொகமா. அது வருது. அவரு வரல."

கணினியில் தப்பாகப் போனால் பின்னால் போகலாம். இந்த ஸ்டெப்பில் சேமித்தது, அந்த ஸ்டெப்பில் சேமித்தது என்று வரிசையாக இருக்கிறது. கருகியதைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்லதைத் திறந்துகொள்ளலாம். அவள் மனசில் அப்படி எடுத்துவைத்தது ஒன்றுமில்லை. ஐந்தே ஐந்து நினைவு மிஞ்சியிருந்த இடத்தில், தினமும் இல்லாத முகமாகக் காட்டிக் காட்டி மேலே எழுதிக்கொண்டிருந்தோம். மாடலை எங்கே நிறுத்துவது என்று கும்பகோணம் வரை கேட்டேன். அவளுக்குக் காட்டுவதை எங்கே நிறுத்துவது என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு அவளே சொன்னாள். "எல்லாத்தையும் அழிச்சிருங்கக்கா. ஒண்ணு விடாம."

அவள் கண் முன்னாலேயே அழித்தேன். மாடல், சேமிப்புகள், எடுத்த படங்கள், எல்லாம். மகள் தடுக்கவில்லை. தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த ஐந்து படத்தையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தேன். அவள் கவரைப் பிரித்துப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு கூடையை எடுத்தாள்.

பேனரில் எதை வைப்பது என்பதை மகள்தான் முடிவு செய்தாள். அடையாள அட்டைப் படம். பெரிதாக்கியதில் முகம் முழுவதும் கடற்கரை மணல் மாதிரி பொரிப்பொரியாக இருந்தது. நான் ஒரு புள்ளியைக்கூட மழுப்பவில்லை. வெட்டு இடப்பக்கம் ஒரு கோடாகத் தெரிந்தது. கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, "இதவிட நல்ல போட்டோ கெடைக்கலியா?" என்று கேட்டார்கள். "எங்கப்பா இதான்" என்றாள் மகள். அம்மா வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேனருக்கு முதுகைக் காட்டியே நின்றாள். சாப்பாட்டு நேரத்தில்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதற்கப்புறம் அவள் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்தவில்லை. வாசலில் வந்து, "அக்கா, வஞ்சிரம் இருக்கு, கெழங்கான் இருக்கு" என்பாள். நானும் வாங்குவேன். ஸ்டுடியோவைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவளுக்காக ஒரு விளக்குப் போடுவேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வருவேன். முகத்தைக் கொடுப்பது ஈஸ்வரன் வேலை. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

போன மாதம்தான் கேட்டேன். மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இப்பவாவது வர்றாராம்மா?"

கத்தியை நிறுத்தாமலே சொன்னாள். "மொகம் வர்றதில்லக்கா. அந்த எடத்துல ஒண்ணுமில்ல, வெள்ளையா இருக்கு. கொரல் மட்டும் இருக்கு. வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டே என்னக் கூப்புடுவாரு பாருங்க, அது அப்படியே இருக்கு." செதில் தெறித்த கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "எம்மக போன்ல அவரு பேசுனது ரெண்டு மூணு கெடக்கு. இப்ப அதையும் வச்சுக் கொரலப் பேச வைக்கலாமாமே. மருமகன் சொன்னாரு. ஒங்ககிட்ட யாராச்சும் கொண்டாந்து குடுத்தா வாங்காதீங்க. அத நான் யாருக்கும் தரமாட்டேன்."

வாங்கமாட்டேன் என்று சாமி பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தேன். அப்போதுதான் இதை எழுதச் சொன்னாள்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கடைசியில் அவர் முகம் அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று சேர்க்காதீர்கள். அவர் கரைக்கு வந்துவிட்டார் என்றும் சேர்க்காதீர்கள். கேட்பவர்களுக்கு மனசு கனக்கும் என்று எதையும் மழுப்பாதீர்கள். வெட்டு இடப்பக்கப் புருவத்தில் இருந்தது. அதை மட்டுமாவது இடம் மாற்றாமல் சொல்லுங்கள்.